இலை 49, ஆள் 53

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் சுற்றுலா ஏற்பாடு. பஸ்ஸில் 49 இருக்கை. கூகுள் ஃபார்மில் பெயர் வாங்குகிறோம். 49 ஆனதும் தானாக மூடிக்கொள்ள வழி உண்டா? போன முறை நான் தூங்கி எழுவதற்குள் 80 பேர் சேர்ந்துவிட்டார்கள். (சங்கச் செயலாளர், சேலம்)

பதில்: உண்டு. அதற்கு முன் ஒரு கேள்வி: 49 பதிலா, 49 ஆளா? உங்கள் சங்கத்தில் வீட்டுக்கு ஒருவர்தானே ஃபார்ம் நிரப்புவார்? மாமியார், மாமனார், இரண்டு குழந்தைகள் எல்லாம் அந்த ஒரே பதிலுக்குள் உட்கார்ந்திருப்பார்கள். பதில்களை எண்ணி 49-இல் மூடினால், வீட்டுக்கு மூன்று பேர் என்று வைத்தாலும் மூன்று பஸ் பிடிக்க வேண்டும். உங்கள் ஃபார்மின் திரையிலேயே பதில் வரம்பு போடும் கட்டம் தென்பட்டாலும் இதை மறக்காதீர்கள். மொய்க் கவரை எண்ணுவது வேறு, கவருக்குள் இருப்பதை எண்ணுவது வேறு.

கேள்வி: சரி, ஆளையே எண்ணுவோம். எப்படி? (அதே செயலாளர், விடுவதாக இல்லை)

பதில்: ஃபார்மில் ‘எத்தனை பேர்’ என்று ஒரு கேள்வி வையுங்கள். ஃபார்மைத் திருத்தும் பக்கத்தில், மேலே மூன்று புள்ளி மெனுவுக்குள் Apps Script என்று ஒன்று இருக்கும். திறந்து, அங்கே இருப்பதை அழித்துவிட்டு இதை ஒட்டிச் சேமியுங்கள்:

```
const SEATS = 49;
const QUESTION = 'எத்தனை பேர்';

function closeWhenFull() {
  const form = FormApp.getActiveForm();
  let total = 0;
  form.getResponses().forEach(r => {
    r.getItemResponses().forEach(a => {
      if (a.getItem().getTitle() === QUESTION) {
        total += Number(a.getResponse());
      }
    });
  });
  if (total >= SEATS) form.setAcceptingResponses(false);
}
```

இதுவரை வந்த எல்லாப் பதில்களையும் புரட்டி, ஆள் எண்ணிக்கையைக் கூட்டி, 49-ஐத் தொட்டதும் கதவைச் சாத்துகிறது. அவ்வளவுதான் இதன் வேலை. ஆனால் ஒட்டி வைத்ததோடு அது தானாக ஓடாது. யாராவது எழுப்ப வேண்டும். இடது ஓரத்தில் கடிகாரப் படம் (Triggers) இருக்கும். அதை அழுத்தி, Add Trigger கொடுத்து, `closeWhenFull` என்பதைத் தேர்ந்து, நிகழ்ச்சி எங்கிருந்து என்பதில் From form, எது என்பதில் On form submit என்று வைத்துச் சேமியுங்கள். அப்போது கூகுள் அனுமதி கேட்கும். ‘இந்தச் செயலியை நாங்கள் சரிபார்க்கவில்லை’ என்று பயமும் காட்டும். எழுதியது நீங்கள், ஓடுவது உங்கள் கணக்கில்; Advanced என்பதை அழுத்தித் தொடரலாம். அடுத்தவர் கொடுத்த கோப்பென்றால் அந்தப் பயம் நியாயமானது.

கேள்வி: நீங்கள் சொன்னபடியே செய்தேன். 49 தாண்டி 60 ஆகியும் ஃபார்ம் மூடவில்லை. உங்களை நம்பலாமா? (சுற்றுலாவுக்கு வராத வாசகர், கரூர்)

பதில்: என்னை நம்புங்கள், ஃபார்ம் நிரப்புகிறவர்களை நம்பாதீர்கள். ‘எத்தனை பேர்’ கேள்வியை எழுதி நிரப்பும் கட்டமாக வைத்திருப்பீர்கள். யாரோ ஒரு புண்ணியவான் ‘4 பேர்’ என்று எழுதியிருப்பார். ‘நாலு’ என்று எழுதும் வீடும் உண்டு. அது எண் அல்ல. கூட்டலுக்குள் அது வந்து விழுந்தால் மொத்தமே NaN, அதாவது ‘எண் அல்ல’ என்று ஆகிவிடும். எண் அல்லாத ஒன்று 49-ஐ விடப் பெரிதா என்று கேட்டால் ஸ்கிரிப்ட் ‘இல்லை’ என்றுதான் சொல்லும், ஆயிரம் பேர் வந்தாலும் சொல்லும். பிழைச்செய்தியும் வராது. ஒரே ஒரு ‘பேர்’ கதவைத் திறந்து வைத்துவிடும்.

மருந்து எளிது. கேள்வியை Dropdown ஆக்கி 1 முதல் 6 வரை வெறும் எண்களை மட்டும் வையுங்கள், கட்டாயக் கேள்வியாகவும் ஆக்குங்கள். பழுதான பதில் ஏற்கெனவே உள்ளே இருந்தால் அதை ஃபார்மின் பதில் பட்டியலிலிருந்து நீக்கினால்தான் கூட்டல் திருந்தும்.

அப்படியும் மூடவில்லையென்றால் இன்னொரு இடம் பாருங்கள். ஃபார்மில் ‘எத்தனை பேர்?’ என்று கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள், ஸ்கிரிப்டில் கேள்விக்குறி இல்லை. நமக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு அவை வெவ்வேறு கேள்விகள், எனவே மொத்தம் பூஜ்யம்.

கேள்வி: 49-இல் மூடச் சொன்னால் 53 பேர் எப்படி வந்தார்கள்? இயந்திரத்துக்குக்கூட எண்ணத் தெரியாதா? (கணக்கு ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: டீச்சர், அதற்கு எண்ணத் தெரியும், எண்ணும் நேரம்தான் சிக்கல். பந்தியில் இலை போடுகிறவர் வாசலில் நிற்பதில்லை; கடைசி வரிசையில் நின்று எண்ணுகிறார். ஆள் உட்கார்ந்த பிறகுதான் எண்ணுவார். இந்த ஸ்கிரிப்டும் அப்படித்தான். பதில் போய்ச் சேர்ந்த பிறகுதான் விழிக்கும், சில விநாடி எடுத்துக் கூட்டும், பிறகு சாத்தும்.

உங்கள் கணக்குக்கே வருவோம். 14 வீடுகள் பதிவு செய்தபோது மொத்தம் 45. நான்கு இருக்கை மிச்சம். 15-வது வீட்டில் ஆறு பேர். அவர்கள் அனுப்பியதும் 51. ஸ்கிரிப்ட் கூட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சில விநாடிக்குள் 16-வது வீடு, கணவனும் மனைவியும், அனுப்பிவிட்டார்கள். 53. அதன் பிறகு கதவு சாத்தியாயிற்று. ஸ்கிரிப்ட் இருமுறை எழுந்து இருமுறை மூடியிருக்கும். மூடிய கதவை இன்னொரு முறை மூடுவதால் கெடுதல் இல்லை.

ஆக, இந்த வரம்பு வேலி அல்ல, மணி. வாட்ஸாப் குழுவில் இணைப்பைப் போட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்கிற இடத்தில் சிலர் கூடுதலாக வருவது நிச்சயம். அதனால் நான் `SEATS` என்பதை 49-இல் வைப்பதே இல்லை. 60-இல் வைப்பேன். மிச்சப் பதினொருவர் காத்திருப்போர் பட்டியல். சுற்றுலாவுக்கு முதல் நாள் சளி பிடிக்காத குடும்பம் எது?

கேள்வி: அந்த ஆறு பேர் குடும்பத்தில் யாரை வெளியே நிறுத்துவது? (பெயர் வேண்டாம், நான் 15-வது வீடு)

பதில்: பதில்கள் சேரும் விரிதாளின் முதல் பத்தியில் Timestamp இருக்கும். நேரப்படி நீங்கள் 15-வது, அதை மாற்ற முடியாது. ஆனால் நான்கு இருக்கையில் ஆறு பேரைத் திணிக்கவும் முடியாது. நான்கு பேரை ஏற்றி இருவரை வீட்டில் விடுவதா, அல்லது உங்களைக் காக்க வைத்து 16-வது வீட்டு ஜோடியை ஏற்றுவதா என்பது சங்கம் முடிவு செய்ய வேண்டியது. அதை ஃபார்மைத் திறப்பதற்கு முன்பே மேலே எழுதிவைத்திருந்தால் சண்டை பாதியாகும். மீதிப் பாதி எப்போதும் உண்டு.

இன்னொன்று, செயலாளருக்கு: அனுப்பியதும் வரும் நன்றிச் செய்தியில் ‘உங்கள் இடம் உறுதி’ என்று எழுதாதீர்கள். ‘பதிவு கிடைத்தது, இடம் உறுதியானால் தகவல் வரும்’ என்று எழுதுங்கள். 53-ஆவது ஆளிடமும் அந்தச் செய்தி இருக்கும். அதைத் திரைப்பிடிப்பு எடுத்துக்கொண்டுதான் வருவார்.

கேள்வி: நிதானமாக எல்லாம் நிரப்பி அனுப்பினேன், ‘பதில் ஏற்கப்படவில்லை’ என்றது. ஆரம்பிக்கும்போது திறந்துதானே இருந்தது? (தங்கவேலர் தெரு, ஈரோடு)

பதில்: திறந்தபோது இடம் இருந்தது, அனுப்பியபோது இல்லை. நீங்கள் நிரப்புகிற வரை உங்களுக்காக யாரும் துண்டு போட்டு வைக்கவில்லை. ஃபார்மில் இடம் பிடிப்பது Submit அழுத்தும் நொடியில்தான். இதில் குற்றவாளி ஃபார்ம் போட்டவர். பெயர், வீட்டு எண், எத்தனை பேர் என்ற மூன்றே போதும். வாழை இலையா தட்டா, ஜன்னல் ஓரமா என்றெல்லாம் இடம் உறுதியானவர்களிடம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: ஒரு குடும்பம் வரவில்லை என்றது. விரிதாளில் அந்த வரியை அழித்தேன். ஆனாலும் ஃபார்ம் திறக்கவில்லையே? (உதவிச் செயலாளர், சேலம்)

பதில்: விரிதாள் நகல்தான். மூலப் பதில் ஃபார்முக்குள் இருக்கிறது, ஸ்கிரிப்ட் எண்ணுவதும் அதைத்தான். ஃபார்மின் பதில் பக்கத்தில் அந்த ஒரு பதிலைத் தேடி அங்கே அழியுங்கள். அழித்தாலும் கதவு தானாகத் திறக்காது, ஏனென்றால் நாம் சாத்தத்தான் சொல்லிக்கொடுத்தோம், திறக்கச் சொல்லவில்லை. கையால் திறக்க வேண்டும். காத்திருப்போர் பட்டியல் இருந்தால் திறக்கவே வேண்டாம், அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: காலை வகுப்பு 30, மாலை வகுப்பு 30. ஒரே ஃபார்மில் தனித்தனியாக மூட முடியுமா? (பரதம் கற்பிப்பவர், திருச்சி)

பதில்: முடியும், தலைவலியும் வரும். இரண்டு ஃபார்ம் போடுங்கள்.

கேள்வி: போன வருடம் அழகாக மூடிய ஃபார்மை நகல் எடுத்து இந்த வருடம் விட்டேன். மூடவே இல்லை. (நூலக வாசகர் வட்டம், மதுரை)

பதில்: இதில் நானும் மாட்டியிருக்கிறேன். ஒரு பயிற்சி முகாமுக்குப் பழைய ஃபார்மை நகல் எடுத்தேன். உள்ளே ஸ்கிரிப்ட் அப்படியே இருந்ததைப் பார்த்து நிம்மதியாகப் படுத்தேன். காலையில் 25 இடத்துக்கு 70 பேர். ஃபார்மை நகல் எடுத்தால் ஸ்கிரிப்ட் கூடவே வரும், ஆனால் அதை எழுப்பும் Trigger வராது. வீட்டோடு அலாரக் கடிகாரத்தையும் வாங்கினேன், சாவி கொடுக்க மறந்தேன்.

இப்போது இணைப்பைப் பகிர்வதற்கு முன் ஒரு சோதனை செய்கிறேன். `SEATS` என்பதை 2 ஆக்கி, நானே இருமுறை ‘1’ என்று பதில் அனுப்புவேன். மூன்றாவது முறை திறந்தால் மூடிய செய்தி தெரிய வேண்டும். தெரிந்தால் சோதனைப் பதில்களை ஃபார்முக்குள் அழித்து, எண்ணைப் பழையபடி வைத்து, ஃபார்மைத் திறந்துவிடுவேன். அழிக்க மறந்தால் அந்த இரண்டும் ஆளாகவே எண்ணப்படும். Trigger சேமிக்கும்போது தோல்வி அறிவிப்பை Notify me immediately என்று வைத்துவிட்டால் ஸ்கிரிப்ட் பிழையில் நிற்கும்போது அஞ்சல் வரும். ‘4 பேர்’ விவகாரத்துக்கு மட்டும் அஞ்சலும் வராது. அது பிழையே அல்ல என்று ஸ்கிரிப்ட் நினைக்கிறது.

கேள்வி: கடைசியாக, சுற்றுலாவுக்கு நீங்கள் வருகிறீர்களா? (சங்கச் செயலாளர், சேலம்)

பதில்: பதிவு செய்யப் போனேன். 61-ஆவது ஆள். ஃபார்ம் சரியாக மூடியிருக்கிறது.