முப்பது விழுக்காடும் முந்தானையும்

தொண்ணூறுகளில் மஸ்ஜித் இந்தியாவில் ஒரு ஜவுளிக்கடையில் எனக்குச் சேலை விற்கும் வேலை இல்லை. சேலைமேல் அட்டை குத்தும் வேலை. தீபாவளியோ நோன்புப் பெருநாளோ நெருங்கினால், கண் கூசும் மஞ்சள் மணிலா அட்டையை நட்சத்திரமாக வெட்டி, தடித்த மார்க்கரால் "70%" என்று எழுதுவேன். அதற்குமேல் எறும்பு ஊர்ந்த அளவில் "வரை" என்று எழுதச் சொல்வார் முதலாளி. 99 வெள்ளி பெரிதாக இருக்கும், 90 காசு மூலையில் ஒண்டியிருக்கும். எழுத்தின் அளவை வைத்து எதைச் சொல்வது, எதை அடக்குவது என்கிற வித்தையை எந்தக் கல்லூரியிலும் சேராமல் அங்கேதான் கற்றேன்.

அட்டையை எங்கே குத்துவது என்பதில் முதலாளிக்குச் சந்தேகமே கிடையாது. பொம்மையின் தோளிலிருந்து விரித்துவிட்ட முந்தானையில்தான். "ஆளுங்க கண்ணு அங்கதான்டா போகும், அங்கயே குத்து" என்பார். காஞ்சிபுரத்துக்காரர் நாள்கணக்கில் நெய்த சரிகை மயில், எங்கள் நட்சத்திரத்துக்குப் பின்னால் தலைமறைவாக இருக்கும். ஆனால் யாரும் ஏமாறவில்லை. அஞ்சடியில் போகிற அம்மா உள்ளே வருவார், அட்டையைத் தூக்குவார், மயிலைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், பேரம் தொடங்கும்.

அதோடு, ஒரு சேலைக்கு ஒரு அட்டைதான். அழகுணர்ச்சி அல்ல காரணம். பட்டில் குண்டூசி குத்தினால் ஓட்டை விழும், இரண்டு குத்தினால் இரண்டு ஓட்டை. அட்டைக்கும் மார்க்கருக்கும் காசு. முதலாளியின் கஞ்சத்தனம்தான் எங்கள் வடிவமைப்புக் கொள்கை.

இப்போது கடை முதலாளியின் மகன் கையில். என்னைப் பழைய உரிமையில் கூப்பிட்டு, ஷாப்பியிலும் வாட்ஸ்அப்பிலும் போடும் படங்களைப் பார்க்கச் சொல்கிறார். குண்டூசி போய்விட்டது, கஞ்சத்தனமும் கூடவே போய்விட்டது. அரக்கு நிறப் பட்டுச்சேலை ஒன்றின் படம். மேல் இடது மூலையில் 30%, வலது மூலையில் "இலவச அனுப்புகை", நடுத்தோளில் "புதிய வரவு", இடுப்பில் விலை, கரைமேல் கடைத் தொலைபேசி எண், சுற்றிலும் குத்துவிளக்குச் சட்டம். சேலை இருப்பதற்கு அங்கங்கே சில தடயங்கள் தெரிந்தன.

"தம்பி, சேலை எங்கப்பா?"

"அதான் அங்கள், பின்னாடி இருக்குல்ல!"

அந்த ஒரு படத்தை உட்கார்ந்து பிரித்தோம். 1080க்கு 1080 பிக்சல் சதுரம். பொம்மை நடுவில், முந்தானை இடக்கையில் விரிந்திருப்பதால் படத்தின் வலது பக்கம் முழுக்கச் சரிகை. கீழே கரை. இவை இரண்டும்தான் விற்பனைச் சரக்கு, அங்கே எதுவும் ஏறக்கூடாது. மிச்சமிருப்பது தலைக்கு இடது பக்கத்து வெறும் சுவர். ஸ்டிக்கருக்கு இடம் அதுதான். மூலையிலேயே ஒட்டவைத்தால் செயலி படத்தின் ஓரத்தை வெட்டும்போது ஸ்டிக்கரும் சேர்ந்து வெட்டுப்படும். அதனால் ஓரத்திலிருந்து 50 பிக்சல் உள்ளே தள்ளி, 220 பிக்சல் அகலத்தில் ஒரு வட்டம். படத்தின் பரப்பில் அது மூன்று விழுக்காட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

"சின்னதா இருக்கு அங்கள்" என்றார். கணினித் திரையில் எல்லாமே ஏமாற்றும். வாங்குபவர் பார்ப்பது கைப்பேசியில், இரண்டு வரிசையாக ஓடும் சிறு படங்களில். அங்கே இந்தப் படம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகச் சுருங்கும். 80 பிக்சல் உயரத்தில் எழுதிய "30%" பதின்மூன்றாகி, அப்போதும் வாசிக்க முடியும். அவர் 30 பிக்சலில் போட்ட "இலவச அனுப்புகை" ஐந்தாகிவிடும். அது அழுக்குப் புள்ளியாகத்தான் தெரியும். ஸ்டிக்கரைப் பெரிதாக்குவதல்ல மருந்து, அதற்குள் இருக்கும் வார்த்தைகளைக் குறைப்பதுதான். படத்தைக் கைப்பேசிக்கு அனுப்பி, சுருக்கி, கை நீட்டித் தள்ளி வைத்துப் பாருங்கள். வாசிக்க முடியாத எதுவும் படத்தில் இருக்க வேண்டியதில்லை.

அடுத்தது நிறம். தள்ளுபடி என்றால் சிவப்பு என்பது மஸ்ஜித் இந்தியாவில் பரம்பரை நம்பிக்கை. பளிச்சென்ற சிவப்பு வட்டத்தை அரக்குச் சேலைக்குப் பக்கத்தில் வைத்தால், சேலை பழுப்பேறிப் பழசாகத் தெரியும். மஞ்சள் வைத்தால் சரிகையின் மினுக்கு செத்துவிடும். வெளிர்ச் சுவரில் கரும்பச்சை வட்டம், வெள்ளை எழுத்து என்று மாற்றினோம். பிறகு படத்தைக் கறுப்புவெள்ளையாக்கிப் பார்த்தோம். அப்போதும் வட்டம் சுவரிலிருந்தும், எழுத்து வட்டத்திலிருந்தும் தனித்துத் தெரிந்தால் தேர்வு சரி.

விலைக்கு வந்தபோதுதான் உண்மையான வாக்குவாதம். 180 வெள்ளி சேலை, 126க்கு. இதைப் படத்தில் எழுதலாமா? விற்பனைத் தளத்துக்கு வேண்டாம் என்றேன். விலையைத் தளமே படத்துக்குக் கீழே போடுகிறது. பற்றுச்சீட்டு, நள்ளிரவு விற்பனை என்று அது மணிக்கொருமுறை மாறும். படத்தில் 126, கீழே 119 என்றிருந்தால் வாடிக்கையாளர் இரண்டையும் நம்பமாட்டார். வாட்ஸ்அப்புக்கு வழக்கு வேறு. ஒரு அக்கா தங்கைக்கு அனுப்புவார், தங்கை கிள்ளானில் இருக்கும் நாத்தனாருக்கு அனுப்புவார். படம் போகும், கூட எழுதிய வரி வழியில் உதிர்ந்துவிடக்கூடும். ஆகவே அங்கே விலை படத்துக்குள்ளேயே வேண்டும், ஆனால் சேலைமேல் வேண்டாம். படத்தைச் சற்றுச் சுருக்கி, அடியில் 160 பிக்சல் பட்டை ஒன்று விட்டு, அதில் கோடு போட்ட 180ஐச் சிறிதாகவும் 126ஐ அதைவிட இரு மடங்காகவும் வைத்தோம். தொலைபேசி எண்ணும் அந்தப் பட்டைக்கே இறங்கியது.

கூத்து என்னவென்றால், சேலையை மறைக்காதீர்கள் என்று நான் முதலாளியிடம் சொல்ல அஞ்சியதை இன்று பெரிய கம்பெனிகளே சட்டமாகப் போட்டிருக்கின்றன. அமேசானில் முதல் படம் வெள்ளைப் பின்னணியில், பொருள் 85 விழுக்காட்டை நிரப்பி, எழுத்தே இல்லாமல் இருக்க வேண்டும். கூகுள் விற்பனைப் பட்டியலிலும் படத்தின்மேல் தள்ளுபடி வாசகம் ஒட்டினால் தள்ளிவிடுவார்கள். சேலையைக் காட்டச் சொல்ல அமெரிக்காவிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது. ஷாப்பிக்கு நாங்கள் முதல் படத்தை அந்த ஒற்றை வட்டத்தோடு விட்டுவிட்டு, இலவச அனுப்புகை, சலவைக் குறிப்பு எல்லாவற்றையும் இரண்டாம் மூன்றாம் படங்களுக்கு ஏற்றினோம்.

நவம்பர் மாதம் 11.11 விற்பனை வந்தது. தம்பி கைப்பேசியை நீட்டினார். படத்தின் மேல் மூலையில் தளமே தன் பங்குக்கு ஒரு தள்ளுபடிச் சீட்டு. அடியில், நாங்கள் மாய்ந்து மாய்ந்து காப்பாற்றிய கரைமேல், தளத்தின் விற்பனைத் திருவிழாப் பட்டை.

"நாம காலியா விட்டோம் அங்கள், அவங்க வந்து ஒட்டிட்டாங்க."

இனி எங்கள் படங்களில் கரைக்குக் கீழே கூடுதலாக ஒரு சாண் வெறும் தரை இருக்கும்படி தள்ளி நின்று எடுக்கிறோம், பட்டை அங்கே உட்காரட்டும் என்று. மஸ்ஜித் இந்தியாவில் கடை போட்டவர்களுக்கு இது புதிதல்ல. அஞ்சடியில் கொஞ்சம் இடம் காலியாகத் தெரிந்தால், விடிவதற்குள் யாராவது ஒருவர் மேசை போட்டிருப்பார். இணையத்திலும் அதே ஆள்தான் போலிருக்கிறது, மேசை மட்டும் பெரிது.