மஞ்சளுக்கு யார் காரணம்?

கேள்வி: கணவரின் வெள்ளைச் சட்டையில் அக்குள் மட்டும் மஞ்சளாகிவிட்டது. பிளீச்சிங் போட்டால் இன்னும் மஞ்சளாகிறதே, ஏன்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: வியர்வைக்கு ஒரு கூட்டாளி உண்டு: வியர்வையைத் தடுக்கப் பூசும் ரோல்-ஆனில் உள்ள அலுமினிய உப்பு. இரண்டும் சேர்ந்து பருத்தி நூலில் படிகின்றன. குளோரின் பிளீச் அந்தக் கறையை மேலும் மஞ்சளாக்கும். அதை இனி பாத்ரூமோடு நிறுத்திவிடுங்கள்.

2 ஸ்பூன் சமையல் சோடாவில், மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 1 ஸ்பூன், தண்ணீர் 1 ஸ்பூன் விட்டுக் குழையுங்கள். சட்டையை நனைத்து, உள்பக்கமும் பூசி, அரை மணி நேரம் கழித்துப் பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தேய்த்து அலசுங்கள். மஞ்சள் மிச்சமிருந்தால் மறுபடி பூசலாம். முழுதும் போகும்வரை இஸ்திரி போடாதீர்கள். சூடு பட்டால் கறை குடியேறிவிடும். பட்டுச் சட்டைக்கு மட்டும் இந்த வைத்தியம் வேண்டாம்.