அசையாத பணத்துக்குக் கெடு: கேள்வி – பதில்

கே: ஸ்டாப் லாஸ் போட்டுத்தான் பங்கு வாங்குகிறேன். அப்புறம் எதற்கு ‘டைம் ஸ்டாப்’ என்று இன்னொன்று? (பங்கு வியாபாரம் செய்யும் இளைஞர், கொசப்பாளையம், ஆரணி)

ஸ்டாப் லாஸ் விலையை மட்டும்தான் பார்க்கும். 400-க்கு வாங்கி 376-ல் ஸ்டாப் லாஸ் போட்டீர்கள். பங்கு மூன்று மாதம் 395-க்கும் 408-க்கும் நடுவிலேயே ஊசலாடினால் அந்த ஆர்டர் தொடப்படவே படாது. நஷ்டமும் இல்லை, லாபமும் இல்லை, பணம் மட்டும் உள்ளே கிடக்கும். ‘இத்தனை நாளுக்குள் நகராவிட்டால் வெளியே வருவேன்’ என்று வாங்கும்போதே வைக்கிற கெடுதான் டைம் ஸ்டாப். பெரும்பாலான புரோக்கர் ஆப்களில் இதற்கென்று ஆர்டர் வகை கிடையாது. வாங்கிய அன்றைக்கே செல்போனில் தேதி போட்டு நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

கே: எனக்கு 8 தறி ஓடுகிறது. நூலும் ஜரிகையும் கொடுத்து, கூலிக்கு நெய்து வாங்குகிறேன். மைத்துனர் சொன்னார் என்று 2 லட்சத்துக்கு ஒரு பங்கு வாங்கினேன். 400 ரூபாய் வீதம் 500 பங்கு. நாலு மாதம் ஆகிறது, இன்று 406. நஷ்டம் இல்லையே, இருக்கட்டும் என்கிறார். நூல் வாங்க 2 லட்சம் ரெண்டு வட்டிக்கு வாங்கி ஓட்டுகிறேன். என்ன செய்வது? (சேவூர்)

நஷ்டம் இல்லை என்று உங்கள் மைத்துனர் சொல்வது பங்குக் கணக்கை மட்டும் பார்த்து. உங்கள் கணக்கு இரண்டு நோட்டில் இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்.

பங்கில் வந்தது 500-ஐ 6-ஆல் பெருக்கினால் 3,000 ரூபாய். ரெண்டு வட்டிக்கு 2 லட்சம் என்றால் மாதம் 4,000. நாலு மாதத்துக்கு 16,000. ஆக, இன்று நீங்கள் 13,000 ரூபாய் கீழே இருக்கிறீர்கள். பங்கு 432-ல் நின்றால்தான் போட்ட இடத்தில் நிற்கிறீர்கள். அடுத்த மாதம் அந்த எண் 440, அதற்கடுத்த மாதம் 448. விலை அசையாமல் கிடக்க, நீங்கள் தொடவேண்டிய எண் மட்டும் மாதம் 8 ரூபாய் மேலே போய்க்கொண்டே இருக்கிறது.

இங்கே பலர் ஒரு பிழை செய்வார்கள். ‘அந்த 2 லட்சத்தை நூலில் போட்டிருந்தால் 60 நாளில் ஒரு சுற்று, சுற்றுக்கு 12,000 மிஞ்சும், நாலு மாதத்தில் 24,000 போச்சே’ என்று அதையும் வட்டியோடு சேர்த்து 40,000 என்பார்கள். கூடாது. ஒரு பணத்தை ஒரே நேரத்தில் ஒரு இடத்தில்தான் போடமுடியும். கடன் வாங்கியாவது தறியை ஓட்டினீர்கள், ஆகவே அந்த 24,000 உங்களுக்கு வந்துவிட்டது. நீங்கள் இழந்தது வட்டி மட்டும். கடன் கிடைக்காமல் தறி நின்றிருந்தால்தான் 24,000 என்று எழுதவேண்டும். அந்தப் பணம் உண்மையில் எங்கே போயிருக்குமோ, அந்த இடத்து வருமானம்தான் கை நழுவிய கணக்கு. கிடைத்திருக்கக்கூடிய மிகப் பெரிய லாபத்தை அங்கே எழுதினால் எந்தப் பங்கையும் ஒரு வாரம்கூட வைத்திருக்கமுடியாது.

செய்யவேண்டியது எளிது. இன்று கையில் 2 லட்சம் ரொக்கமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதே பங்கை 406-க்கு வாங்குவீர்களா, கடனை அடைப்பீர்களா? கடனை அடைப்பேன் என்றால் விற்றுவிடுங்கள். விற்ற மறு வேலை நாளில் பணம் வந்துவிடும். பங்குப் பரிவர்த்தனை வரி வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம், அதாவது சுமார் 200 ரூபாய் வீதம். ஓராண்டுக்குள் விற்பதால் லாபத்துக்கு 20 சதவீத வரி, 3,000-க்கு சுமார் 600 ரூபாய்தான். எல்லாம் சேர்ந்தாலும் இன்னொரு மாத வட்டியைவிடக் குறைவு.

கே: கெடு வைப்பது சரி. எத்தனை நாள் என்று எப்படி முடிவு செய்வது? சிலர் 5 நாள் என்கிறார்கள், சிலர் 3 வாரம் என்கிறார்கள். (ஒண்ணுபுரம்)

இரண்டு பேரும் தங்கள் வியாபாரத்துக்குச் சரியாகச் சொல்லியிருக்கலாம், உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் பழைய நோட்டில் விடை இருக்கிறது.

கடைசி 30 வியாபாரத்தை எடுங்கள். ஒவ்வொன்றிலும் வாங்கிய விலைக்கும் ஸ்டாப் லாஸுக்கும் உள்ள இடைவெளியைக் குறியுங்கள். 400-க்கு வாங்கி 376-ல் ஸ்டாப் என்றால் இடைவெளி 24. வாங்கிய விலையிலிருந்து அந்த 24 ரூபாய் மேலே போக எத்தனை வர்த்தக நாள் ஆனது என்று எழுதுங்கள். லாபம் கொடுத்த 12-ல் 9 பங்கு 8 நாளுக்குள் போயிருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஜெயித்ததை மட்டும் பார்த்து இங்கேயே நிறுத்திவிடக்கூடாது. பத்தாவது நாளில் எங்கும் போகாமல் கிடந்தவை எத்தனை, அவற்றில் பிறகு லாபம் கொடுத்தவை எத்தனை என்றும் எண்ணவேண்டும். கிடந்த 11-ல் 2 மட்டுமே பிறகு தேறியது என்றால் உங்களுக்குக் கெடு 10 நாள். கிடந்த 11-ல் 6 தேறியது என்றால் 10 நாள் போதாது. 15, 20 என்று தள்ளிப் பாருங்கள்.

கெடு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு விற்கவும் வேண்டாம். அன்று விலை 392-க்கும் 408-க்கும் நடுவே, அதாவது இடைவெளியில் மூன்றில் ஒரு பங்குக்குள், கிடந்தால் வெளியே வாருங்கள். 418-ல் இருந்தால் பங்கு வேலை செய்கிறது. ஸ்டாப் லாஸை 400-க்கு ஏற்றிவிட்டுக் காத்திருக்கலாம்.

காலாண்டு முடிவை நம்பி வாங்கியிருந்தால் கணக்கு வேறு. முடிவு வருமுன் பங்கு நகரவில்லை என்று குறைசொல்வதில் நியாயமில்லை. முடிவு வந்து இரண்டு மூன்று நாள் வரை கெடு கொடுங்கள். அதன் பிறகும் அசையாவிட்டால் நீங்கள் வாங்கிய காரணம் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

கே: கெடு வைத்து விற்றேன். மூன்றாம் நாளே 9 சதவீதம் ஏறிவிட்டது. வயிறு எரிகிறது. (ஆரணி, இன்னொரு வாசகர்)

எரியத்தான் செய்யும். விற்ற பங்கைத் திரும்ப வாங்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. மேலே சொன்ன 400 ரூபாய்ப் பங்கு என்றால், 408-ஐத் தாண்டி வலுவாகக் கிளம்பியபோது 410-ல் மறுபடி நுழைந்திருக்கலாம். பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் நடுவில் பணம் சும்மா கிடக்கவில்லை. இனி விற்றதையும் இன்னும் இரண்டு வாரம் கவனித்து எழுதுங்கள். விற்ற இருபதில் இரண்டு ஓடினால் அது இந்த முறைக்கு நீங்கள் கொடுக்கும் விலை. பத்து ஓடினால் கெடு குறைவு, கூட்டுங்கள்.

கே: ஆப்ஷன் வாங்குகிறவனுக்கும் கெடு வேண்டுமா? (செய்யாறு)

உங்களுக்குத்தான் முதலில் வேண்டும். பங்கு அசையாமல் கிடந்தால் பணம் வேலை செய்யாது, அவ்வளவுதான். ஆப்ஷன் அசையாமல் கிடந்தால் பணமே கரையும். அதுவும் கடைசி நாட்களில் தேய்மானம் வேகமெடுக்கும். எதிர்பார்த்த நகர்வு பாதிக் காலத்துக்குள் வராவிட்டால் மிச்சத்தைக் காப்பாற்றிக்கொண்டு வெளியேறுங்கள்.

கே: தங்கம் வாங்கி வைத்தால் என்றைக்கும் நஷ்டமில்லை என்பார் என் அப்பா. அதற்கும் கெடுவா? (தேவிகாபுரம்)

கல்யாணத்துக்காகச் சேர்க்கிற தங்கத்துக்குக் கல்யாணத் தேதிதான் கெடு, அதைத் தொடவேண்டாம். ஏறும் என்று வாங்கி வைத்த தங்கத்தைப் பற்றிப் பேசுவோம்.

2012-ல் 10 கிராம் சராசரியாக 31 ஆயிரம் ரூபாய். 2018-லும் ஏறத்தாழ அதே 31 ஆயிரம். ஆறு வருடம் எங்கும் போகவில்லை. நடுவில் 2015-ல் சராசரி 26 ஆயிரத்துக்கு இறங்கியது. 2012-ல் வங்கிகள் நிரந்தர வைப்புக்கு எட்டரை சதவீதத்தை ஒட்டிக் கொடுத்தன. எட்டு என்று குறைத்தே போட்டாலும் 31 ஆயிரம் ஆறு வருடத்தில் 49 ஆயிரம் ஆகியிருக்கும். நஷ்டமில்லை என்று அப்பா சொன்ன அந்த ஆறு வருடத்தில் 10 கிராமுக்கு 18 ஆயிரம் ரூபாய் வராமலே போனது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை, அதையும் சொல்லவேண்டும். 2025 ஏப்ரலில் தங்கம் 1 லட்சத்தைத் தொட்டது. வங்கிப் பணம் அதே எட்டு சதவீதத்தில் 13 வருடத்தில் 84 ஆயிரம்தான். காத்திருந்தவர் முந்திவிட்டார். இருந்தும் 1 லட்சத்துக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஒன்பதரை சதவீதத்துக்குள்தான். அது வங்கி வட்டியை முந்தும், ரெண்டு வட்டிக் கடனை முந்தாது. கடன் இல்லாமல் 13 வருடம் தொடாமல் வைக்க முடிந்தவருக்கு அப்பா சொல்வது சரி. வெளியில் கடனை வைத்துக்கொண்டு தங்கம் ஏறக் காத்திருந்தவர், தங்கம் ஏறியும் தோற்றார்.

ஜரிகைக்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். அசல் ஜரிகையில் எடையின் பெரும்பகுதி வெள்ளி. 2011 ஏப்ரலில் வெள்ளி கிலோ 70 ஆயிரத்தைத் தாண்டியது. அந்த விலையை மறுபடி பார்க்க 2020 வரை ஆயிற்று.

கே: பங்கெல்லாம் எனக்கு வேண்டாம். சேலை தேங்கி நிற்கிறது. 7,000 ரூபாய் அடக்கத்தில் 40 சேலை, தையில் வந்தது, வைகாசி முகூர்த்தத்திலும் போகவில்லை. ஆடியில் தள்ளிவிடலாமா, தீபாவளி வரை வைக்கலாமா? (பட்டு வியாபாரி, ஆரணி)

40 சேலையில் கிடப்பது 2,80,000 ரூபாய். ரெண்டு வட்டி போட்டால் மாதம் 5,600. ஒரு சேலைக்கு மாதம் 140. ஆடித் தொடக்கத்திலிருந்து தீபாவளி விற்பனைப் பணம் கைக்கு வர நாலு மாதம் என்றால் ஒரு சேலை 560 ரூபாய் தின்கிறது. ஆடியில் 500 ரூபாய் குறைத்து விற்பதும் தீபாவளிக்கு முழு விலைக்கு விற்பதும் உங்களுக்கு ஒன்றுதான். தீபாவளிக்கு முழு விலை கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இரண்டு முகூர்த்தக் காலம் தாண்டிய வடிவமைப்பு, மடிப்பில் இழை விடும், ஜரிகை கறுக்கும். ஆகவே 500 வரை குறைக்கத் தயங்கவேண்டாம். 1,500 குறைக்கச் சொன்னால், ஆவணி முகூர்த்தம் ஒரு மாதத்தில் வருகிறது, அதுவரை பாருங்கள்.

40-ஐயும் ஒரே மூட்டையாகப் பார்க்காதீர்கள். எந்த நிறம், எந்தப் பார்டர் கேட்டு வருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இனி ஒவ்வொரு சேலையின் மடிப்பிலும் வந்த தேதி எழுதிய சீட்டு ஒன்றை வையுங்கள். தேதி இல்லாத சரக்குக்குக் கெடு வைக்கமுடியாது. விற்ற காசை உடனே ஓடுகிற நிறத்து நூலில் போடவேண்டும். பெட்டியில் வைத்தால் குறைத்து விற்றதுதான் மிச்சம்.

நீங்கள் சொந்தமாக நெய்து விற்பவராக இருந்து, உத்யம் பதிவும் வைத்திருந்தால் ஒரு பிடிமானம் உண்டு. கடைக்காரர் எழுத்துமூலம் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தரவேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். கெடு தாண்டிய பாக்கியை அந்தக் கடைக்காரர் அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டமுடியும். வாங்கி விற்கிற வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, எனவே பில்லிலேயே தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.