நினைவூட்டு-3

கேள்வி: இரண்டு முறை கேட்டும் சக ஊழியர் வாய் திறக்கவில்லை. மூன்றாம் கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

பதில்: அரசு அலுவலகத்தில் இதற்குப் பெயர் நினைவூட்டு-3. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையின் வெள்ளிமலைக்குப் போகும் கடிதம் என்றால், கோபம் முழுவதையும் 'பார்வை' பகுதியே சுமந்துகொள்ளும். அங்கே முந்தைய இரு கடிதங்களின் எண்ணும் தேதியும் இருப்பதால், "பலமுறை கேட்டும்" என்று புலம்பத் தேவையில்லை. நகல்களையும் இணைத்துவிட்டால், "கடிதம் மலையேறி வரவில்லை" என்ற பதில் கீழே இறங்காது. கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: "கிராமப் பட்டியலை வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்பக் கேட்டுக்கொள்ளப்படுகிறது. தடை இருப்பின் ஒரு வரியில் தெரிவிக்கவும். பட்டியல் வராவிடில், அது பெறப்படவில்லை என்ற குறிப்புடன் அறிக்கை அனுப்பப்படும்." கடைசி வரி மிரட்டல் அல்ல, தகவல். உண்மையிலேயே அனுப்புவதானால் மட்டும் அதை எழுதலாம். மேலதிகாரிக்கு நகல் போனால் அடியில் வெளிப்படையாகக் குறிப்பிடுவதே நாகரிகம். அதற்கும் மௌனம் என்றால் அடுத்தது நினைவூட்டு-4 அல்ல. மேலதிகாரி பெயர் சொல்லி எழுதும் நேர்முகக் கடிதம்.