ஒத்தை 'ம்'

கேள்வி: நடவுக்கு முன் ஜிங்க் சல்பேட் போடும் முறையை வில்லியனூர் மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினேன். 'ம்' என்று மட்டும் பதில். சம்மதமா, சந்தேகமா? (பாகூர் வாசகர்)

பதில்: இரண்டுமில்லை. பாட்டி கதைக்குப் பேரன் 'உம்' கொட்டுவது நரி பேசியதை நம்பியா? 'தூங்கலை, மேலே சொல்லு' என்பதற்குத்தானே! நேரில் என்றால் குரல் இறங்கினால் சம்மதம், ஏறி இழுத்தால் சந்தேகம். எழுத்தில் ராகம் ஏது?

'சரியா மச்சான்?' என்று கேட்காதீர்கள், அதற்கும் 'ம்'தான் வரும். 'ஏக்கருக்கு எவ்வளவு, எதோட கலக்கப் போறீங்க?' என்று கேளுங்கள். '10 கிலோ, 20 கிலோ மணலோட' என்றால் சம்மதம். 'டிஏபியோட' என்றால் படிக்கவே இல்லை. 'பார்க்கலாம்' என்றால் சந்தேகம். வில்லியனூருக்கு பஸ் ஏறுங்கள்.