பொருத்தமான வேலை இருந்தால் சொல்லுங்கோ அண்ணா

யாழ்ப்பாணத்தில் இருந்து மென்பொருள் சோதிக்கிறீர்கள். கொழும்பு ஏஜென்சிக்காரர் உங்களுக்குக் கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலை வேலையும் பிஸ்கட் கொம்பனியின் தரக்கட்டுப்பாட்டு வேலையும் அனுப்புகிறார். இந்த வரத்து வற்றாமல் இருக்கச் செய்ய வேண்டியவை:

1. சிவியின் தலைப்பில் QA என்று இரண்டெழுத்து மட்டும் போடுங்கள். ஏஜென்சியில் சிவி முழுவதையும் ஆர் படிக்கிறார்கள்? சொல்லைத் தட்டித் தேடுகிறார்கள். சட்டைத் தையலில் பிழை பிடிப்பவரும் QA, செயலியில் பிழை பிடிப்பவரும் QA. ‘சொப்ட்வெயார் டெஸ்டிங்’ என்று விரித்து எழுதினால் தேடலில் நீங்கள் தனியாகத் தெரிந்துவிடுவீர்கள். கவனம்.

2. சம்பந்தமில்லாத வேலை வந்தாலும் “நன்றி அண்ணா, பார்க்கிறன்” என்று உடனே பதில் போடுங்கள். பதில் தருகிற ஆள் என்று கண்டால் அடுத்த தடவை உங்களுக்குத்தான் முதலில் அனுப்புவார்.

3. பொறுமை போனதும் இரவு பதினொரு மணிக்கு வொய்ஸ் மெசேஜில் கத்துங்கள். துறையின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். “எனக்குப் பொருத்தமானதை அனுப்புங்கோ” போதும். அவர் கணக்கில் இதுவரை அனுப்பியதெல்லாம் பொருத்தமானதுதான்.

தப்பித்தவறியும் இப்படி எழுதிவிடாதீர்கள்:

“வணக்கம் அண்ணா. இனி சொப்ட்வெயார் டெஸ்டிங் வேலை மட்டும் அனுப்புங்கோ. ஆட்டோமேஷன், செலினியத்தில நாலு வருச அனுபவம். யாழ்ப்பாணம், இல்லாட்டி வீட்டில இருந்து செய்யிற வேலை. கார்மென்ட்ஸ், சாப்பாட்டுத் தொழிற்சாலை QA வேண்டாம். என்ர பதிவில இதைக் குறிச்சுவையுங்கோ.”

வேண்டியது, வேண்டாதது, இடம் எல்லாம் இதில் இருக்கிறது. அவர் அப்படியே வெட்டி உங்கள் பதிவில் ஒட்டிவிட்டால், பக்கத்து மேசைக்காரரும் அதைப் பார்த்துவிடுவார். பிறகு ஆர் உங்களைத் தேடி வருவது?

4. இலக்கத்தை பிளொக் பண்ணுங்கள். சிவி ஏஜென்சியின் பொதுக் கிடங்கில் பத்திரமாக இருக்கும். புதிதாகச் சேர்ந்த தங்கச்சி வேறு இலக்கத்தில் இருந்து முதலில் இருந்து தொடங்குவா.

5. பிளொக் பண்ண மனமில்லையா? முதல் வரியிலேயே 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இழுங்கள். சட்டம் உண்மையானதுதான். மரியாதையாகக் கேட்டுப் பலிக்காதபோது எடுக்க வேண்டியதை முதலிலேயே எடுத்தால், அவர் பயந்து உங்களை முழுதாக அழித்துவிடுவார். நல்ல டெஸ்டிங் வேலை வரும் அன்று உங்கள் பெயரே இருக்காது.

6. இரண்டு கிழமை போன் சத்தமில்லாமல் கிடந்தால் பயப்படுங்கள். பழைய சிவியையே இன்னும் மூன்று ஏஜென்சிகளுக்கு அனுப்பி, ‘எந்த வேலை எண்டாலும் பரவாயில்லை’ என்று எழுதுங்கள். படிவத்தில் துறை கேட்டால் எல்லாக் கட்டத்துக்கும் சரி போடுங்கள். சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தால் அதையும் இணையுங்கள்.