டி பிளாக்கின் பதிவெண் எங்கே, ஐயா?

பெருமதிப்புக்குரிய அடுக்குமாடிக் கட்டுமான நிறுவனத்தின் விற்பனைப் பிரிவுக்கு,

முழுப்பக்க விளம்பரத்தில் நீச்சல் குளத்தை அவ்வளவு பெரிதாகவும் ரெரா பதிவெண்ணை அவ்வளவு சிறிதாகவும் போட்ட உங்கள் ஓவியருக்கு முதலில் ஒரு கும்பிடு. பதிவெண்ணும் rera.tn.gov.in முகவரியும் விளம்பரத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இருந்தன. பூதக்கண்ணாடியை நாங்கள்தான் கொண்டுவர வேண்டியிருந்தது.

எண்ணை இணையதளத்தில் தேடினேன். போலி இல்லை, அசல்! ஆனால் பக்கத்தைத் திறந்தால் திட்டத்தின் பெயருக்குப் பின்னால் 'முதல் கட்டம்' என்றிருக்கிறது. அனுமதி வரைபடத்தில் ஏ, பி என்று இரண்டே பிளாக்குகள். நீங்கள் என் மச்சானுக்கு விற்றதோ டி பிளாக்கில், நாலாவது மாடி.

"சார், எல்லாம் ஒரே காம்பவுண்டு, ஒரே நம்பர்தான்" என்றார் உங்கள் மேலாளர். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவுக்கு இந்தக் காம்பவுண்டுப் பாசம் கிடையாது. கட்டம் கட்டமாகக் கட்டினால் ஒவ்வொரு கட்டமும் தனித் திட்டம், தனிப் பதிவு. பதிவுக்கு முன்னால் விற்பது மட்டுமல்ல, விளம்பரம் செய்வதும் முன்பதிவு வாங்குவதும் குற்றம். அபராதம் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை போகலாம்.

பதிவான முதல் கட்டத்தின் பக்கத்தையும் விடவில்லை. எத்தனை வீடு விற்றது, எந்த அனுமதி பாக்கி, வேலை எதுவரை வந்திருக்கிறது என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே புதுப்பிக்க வேண்டுமாமே. உங்கள் கட்டடம் அங்கே இன்னும் அஸ்திவாரத்திலேயே இருக்கிறது. நேரில் போனால் ஏ பிளாக் மொட்டைமாடியில் துணி காய்கிறது.

இனி பணம். வீட்டு விலை 60 லட்சம். 'விருப்பத் தொகை' என்று மச்சானிடம் நீங்கள் வாங்கியது 12 லட்சம். விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல், அதாவது 6 லட்சத்துக்கு மேல், வாங்கக் கூடாது. ரசீதில் வேறு பெயர் போட்டால் தொகை குறைந்துவிடுமா என்ன?

ஆகவே மச்சான் 31ஆம் பிரிவின் கீழ் புகார் கொடுக்கிறார். பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்க ஆணையத்துக்குப் படிவம் எம். மன உளைச்சலுக்கு நஷ்டஈடு வேண்டுமென்றால் அது தனி. தீர்ப்பு அலுவலருக்குப் படிவம் என். இரண்டையும் ஒரே மனுவில் போட்டுக் குழப்ப மாட்டோம், கவலை வேண்டாம். ரசீது, வங்கிக் கணக்கு விவரம், சிற்றேடு, மேலாளரின் வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் இணைப்பாகப் போகின்றன. அவர் வாயால் சொன்ன மெட்ரோ நிலையத்தை மட்டும் சேர்க்க முடியவில்லை. எழுத்தில் எங்கும் இல்லை. உத்தரவு வந்த பிறகும் நீங்கள் கட்டாவிட்டால் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்க வழி இருக்கிறது. அதற்கும் அலைய வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். உங்களுக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

ஒரு சிறு உதவி. படிவத்தில் எதிர்மனுதாரரின் முழுப் பெயரையும் முகவரியையும் கேட்கிறார்கள். விளம்பரத்தில் ஒரு பெயர், ரசீதில் இன்னொன்று, ஏ பிளாக் சான்றிதழில் மூன்றாவது. டி பிளாக் இவர்களில் யாருடையது என்று உங்கள் முத்திரைத்தாளிலேயே எழுதி அனுப்பினால் அதையும் இணைத்துவிடுவோம்.

இப்படிக்கு,
டி பிளாக் நாலாவது மாடிக்காரரின் மைத்துனன்